46 மணி நேரத்துக்கு ஒரு தடவை: தானியங்கித் தமிழ்க் கேப்ஷனைத் திருத்தும்போது கற்றவை

குழந்தைகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுப்பது எப்படி என்று குழந்தை நல மருத்துவர் ஒருவர் பேசிய வீடியோ. அதற்குத் தானாக உருவான தமிழ்க் கேப்ஷனைச் சரிபார்த்துத் தரும் வேலை என்னிடம் வந்தது. முதலில் ஒலியைப் போடாமல் படித்துப் பார்த்தேன். பெரும்பாலான வரிகள் தடையில்லாமல் ஓடின. "காய்ச்சல் 23 நாளைக்கு மேல இருந்தா டாக்டரைப் பாருங்க" என்று ஒரு வரி. "46 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம்" என்று இன்னொன்று. இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழையும் இல்லை. மருத்துவர் சொன்னதோ "ரெண்டு மூணு நாளைக்கு மேல", "நாலு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை".

இந்த வேலையில் நான் அதிகம் அஞ்சுவது இப்படிப்பட்ட வரிகளைத்தான். உளறலாக வந்த வரி தானே கண்ணில் பட்டுவிடும், யாராவது திருத்திவிடுவார்கள். ஒழுங்காகப் படிக்க வரும் தவறு அப்படியே வெளியே போய்விடும். குரலை எழுத்தாக்கும் மென்பொருள், காதில் விழுந்த ஒலிக்குப் பொருந்துகிற சொற்களில் எது வழக்கமாகச் சேர்ந்து வருமோ அதைத் தேர்ந்தெடுக்கிறது. அதனால் அது தவறு செய்தாலும் நல்ல தமிழில்தான் செய்கிறது. கேப்ஷனைப் படித்துத் திருத்துவதை நான் இரண்டாவது வேலையாக வைத்திருப்பது இதனால்தான். முதல் வேலை கேட்பது. அதிலும் எண்கள், பெயர்கள், ஆங்கிலச் சொற்கள் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்று. எண்ணைத் தேடும் காது பெயரைத் தவறவிடும்.

காது களைப்படையாமல் இருக்கும்போதே எண்களை முடித்துவிடுவேன். கேப்ஷன் கோப்பைத் திருத்தியில் திறந்து, தேடலில் regex வசதியை இயக்கி, முதலில் [0-9] என்று தேடி, இலக்கம் வரும் ஒவ்வொரு வரியிலும் நிற்பேன். அந்த இடத்தை முக்கால் வேகத்தில் ஓடவிட்டு, திரையைப் பார்க்காமல் கேட்டு, காதில் விழுந்த எண்ணைத் தாளில் எழுதுவேன். பிறகுதான் கேப்ஷனோடு ஒப்பிடுவேன். திரையில் 46 என்று பார்த்துவிட்டுக் கேட்டால் காதும் 46 என்றே சொல்லும். இதைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு நண்பரிடம் வரியைக் காட்டியும் காட்டாமலும் கேட்கச் சொல்லிப் பாருங்கள்.

இலக்கமாக மாறாமல் சொல்லாகவே நின்றுவிட்ட எண்களும் இருக்கும். அவற்றுக்காக "நூத்தி", "அரை", "அறை", "கால்", "பாயின்ட்" ஆகியவற்றைத் தேடுவேன். "அறை" என்று தேடுவதற்குக் காரணம் உண்டு. மருத்துவர் சொன்ன "ஏழரை" கேப்ஷனில் "7 அறை" என்று வந்திருந்தது. பேச்சில் ரகரமும் றகரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டதால் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். "7 அறை" என்றாவது வந்தால் சந்தேகம் வரும். சில இடங்களில் அரை முழுவதுமாக விழுந்து வெறும் 7 மட்டும் நிற்கும்.

பேச்சுத் தமிழில் எண்களைக் குழப்பும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. "எழுவது", "எம்பது" இரண்டும் வேகமாகச் சொன்னால் நெருங்கிவிடும். "பதினாலு", "பதினாறு" அதுபோலத்தான். "தொண்ணூறு" என்பது 90, "தொள்ளாயிரம்" என்பது 900, அங்கே ஒரு சுழியமே போய்விடும். உத்தேசமாகச் சொல்லும் இரட்டை எண்கள்தான் இன்னும் மோசம். "ஏழெட்டு பேர்" 78 பேர் ஆகிவிடும், "பத்து பதினஞ்சு" 1015 ஆகிவிடும். இவற்றை "4 முதல் 6 மணி நேரத்துக்கு" என்று சொல்லாகவே பிரித்து எழுதுகிறேன். நடுவில் கோடு போட்டால் சின்னத் திரையில் அது மறைந்து, மறுபடியும் 46 போலவே தெரியும். அதே சமயம் எல்லா எண்ணும் இலக்கமாக வேண்டும் என்பதில்லை. "நாலு பேர் நாலு விதமா சொல்வாங்க" என்பதை "4 பேர் 4 விதமா" என்று மாற்றினால் பேச்சின் உயிர் போய்விடும். அளந்து பார்க்க வேண்டிய எண் இலக்கத்தில், பேச்சு வழக்காக வரும் எண் எழுத்தில் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. "ஒரு" என்பதைக் கருவி 1 ஆக்கியிருந்தால் எப்போதும் திருப்பி எழுதிவிடுவேன்.

ஒரே எண் இரண்டு கேப்ஷன்களில் உடைந்து கிடப்பதும் அடிக்கடி நடக்கும். பேசுபவர் நடுவில் மூச்சு வாங்கினால் கருவி அங்கே வரியை வெட்டிவிடுகிறது. இந்த வீடியோவில் கிடைத்தது இது:

```
41
00:06:12,300 --> 00:06:15,100
இந்த பாட்டில்ல 5 மில்லிக்கு 100

42
00:06:15,100 --> 00:06:18,400
20 மில்லி இருக்கு பார்த்து கொடுங்க
```

மருத்துவர் சொன்னது, "இந்த பாட்டில்ல அஞ்சு மில்லிக்கு நூத்தி... இருபது மில்லி இருக்கு". படிப்பவர் முதல் வரியோடு நின்றால் மருந்தின் அளவு 100 என்று போகும், இரண்டாம் வரியை மட்டும் பார்த்தால் 20 என்று போகும். இன்னொரு சிக்கலும் இதிலேயே இருக்கிறது. முதல் "மில்லி" என்பது மில்லிலிட்டர், இரண்டாவது மில்லிகிராம். பேச்சில் இரண்டையும் மில்லி என்றே சொல்கிறோம். மருத்துவர் கையில் பாட்டிலைக் காட்டிக்கொண்டு பேசுவதால் நேரில் கேட்பவருக்குக் குழப்பமில்லை. எழுத்தில் பார்ப்பவருக்கு உண்டு. திருத்தியது இப்படி:

```
41
00:06:12,300 --> 00:06:14,600
இந்த பாட்டில்ல 5 ml-க்கு

42
00:06:14,600 --> 00:06:18,400
120 mg இருக்கு. பார்த்துக் கொடுங்க.
```

எண் முழுதாக ஒரே கேப்ஷனில் வரும்படி வெட்டும் இடத்தை முன்னால் நகர்த்தினேன். அதற்கேற்ப முதல் கேப்ஷன் முடியும் நேரமும் இரண்டாவது தொடங்கும் நேரமும் சேர்ந்தே மாறின. ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் இரண்டு கேப்ஷன்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். mg, ml இரண்டையும் ஆங்கில எழுத்திலேயே விட்டதற்குக் காரணம், பாட்டில் லேபிளில் அச்சாகியிருப்பது அதுதான். பார்ப்பவர் திரையையும் பாட்டிலையும் ஒப்பிடப் போகிறார்.

சொன்ன எண் சரியா என்று தெரிந்துகொள்ள, பேச்சுக்குள்ளேயே இருக்கும் கணக்கைவிட நல்ல துணை கிடையாது. மருத்துவர் 12 கிலோ எடையுள்ள குழந்தையை எடுத்துக்காட்டாக வைத்துப் பேசினார். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றார். அடுத்த வரியில் கேப்ஷன் "170" என்று காட்டியது. 12-ஐ 15-ஆல் பெருக்கினால் 180. திரும்பக் கேட்டபோது "நூத்தி எம்பது" என்பது தெளிவாகவே விழுந்தது. 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ள மருந்தில் 180 மில்லிகிராம் வேண்டுமானால் 7.5 மில்லிலிட்டர். கேப்ஷனில் நின்ற "7 அறை" அங்கே நேராகிவிட்டது. காய்ச்சல் என்று எதைச் சொல்கிறோம் என்ற இடத்தில் "104 டிகிரி" என்று வந்திருந்தது. மருத்துவர் அதே மூச்சில் "செல்சியஸ்ல 38" என்றும் சொல்லியிருந்தார். 38 டிகிரி செல்சியஸ் என்பது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். "ஹண்ட்ரட் பாயின்ட் ஃபோர்" என்று வேகமாகச் சொன்னதில் "பாயின்ட்" விழுந்திருக்கிறது. 104 என்றே போயிருந்தால், 102 டிகிரி அடிக்கும் குழந்தைக்குக் காய்ச்சலே இல்லை என்று ஒரு தாய் நினைத்திருப்பார். கேப்ஷனை மட்டும் நம்பிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். காது கேளாதவர்களுக்குச் சரிபார்த்துக்கொள்ள வேறு வழி இல்லை.

ஆகவே எண்கள் வரும் வீடியோ என்றால் ஒரு தாளில் கணக்கைப் போட்டுக்கொண்டே போங்கள். எடை, விகிதம், மொத்தம், விழுக்காடு, தேதியும் கிழமையும், பிறந்த ஆண்டும் வயதும் என ஒன்றையொன்று சரிபார்க்கும் ஜோடிகள் பெரும்பாலான பேச்சுகளில் எங்காவது இருக்கும்.

எண்களைப் போலவே பொருளைத் தலைகீழாக்கும் இன்னொன்றையும் இந்தச் சுற்றிலேயே பார்த்துவிடுவேன். "வேணும்", "வேணாம்" இரண்டுக்கும் நடுவில் ஓர் உயிரொலிதான் வேறுபாடு. "குடுக்கலாம்", "குடுக்காம" என்பவையும் வேகமாகச் சொன்னால் நெருங்கிவிடும். எண் வரும் வரிக்கு அக்கம்பக்கத்தில் இந்தச் சொற்கள் இருந்தால் அவற்றையும் காதால் கேட்டுவிடுங்கள்.

அடுத்த சுற்று பெயர்கள். இதற்கான பாதி வேலை வீடியோவைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பேசுபவரின் பெயர், அவர் குறிப்பிடும் ஆட்கள், ஊர்கள், நிறுவனங்கள், மருந்துகள் என்று ஒரு பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பெயரை எப்படி எழுதுவது என்பதை அந்தப் பெயருக்கு உரியவர்தான் சொல்ல வேண்டும். வள்ளி, வல்லி இரண்டும் பெயர்கள்தான். சிலர் ஜெயந்தி என்று எழுதுவார்கள், சிலர் செயந்தி என்று. ஒலியை எத்தனை முறை கேட்டாலும் விடை கிடைக்காது. ணகரம், னகரம் வேறுபாடும் பேச்சில் பலருக்கு இல்லை, அதனால் பரணி என்பவர் பரனி ஆகிவிடுவார். தலைப்பெழுத்துகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். "கே. ஆர்." என்பதைக் கருவி "கேயார்" என்று ஒரே சொல்லாக்கிவிடும்.

பட்டியல் கையில் இருந்தாலும், தேடி மாற்றும் வசதி தமிழில் அவ்வளவு எளிதாக வேலை செய்யாது. பெயர் வேற்றுமை உருபை ஏற்கும்போது வடிவம் மாறுகிறது. "செல்வம்" என்று தேடினால் "செல்வத்துக்கிட்ட", "செல்வத்தை" எதுவும் சிக்காது. "செல்வ" என்ற பகுதியைத் தேடித்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. "மணி" என்ற பெயரைத் தேடினால் "மணிக்குச் சொன்னேன்" என்பதும் வரும், "பத்து மணிக்கு" என்பதும் வரும். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றும் பொத்தானைப் பெயர்களுக்கு நான் தொடுவதே இல்லை. பெயர் உடைந்து கிடக்கும் இடங்களையும் யோசித்துத் தேட வேண்டும். எழிலரசி என்ற பெயரை "ஏழில் அரசி" என்று பிரித்துப் போட்ட கேப்ஷனைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரின் துண்டுகள் எப்படியெல்லாம் எழுதப்படலாம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் தேட வேண்டிய வடிவங்கள் கிடைக்கும்.

கண்ணுக்கு முன்னால் சொல் இருந்தும் தேடல் அதைக் கண்டுபிடிக்காத நிலை ஒன்று உண்டு. அது எழுத்துக் குறியீட்டுச் சிக்கல். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை U+0BCA என்ற ஒரே குறியீடாகவும் பதியலாம், U+0BC6, U+0BBE என்று இரண்டாகப் பிரித்தும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கருவி ஒரு விதமாகவும் உங்கள் விசைப்பலகை வேறு விதமாகவும் எழுதினால், சில மென்பொருள்களில் தேடல் தோற்றுவிடும். வேலையைத் தொடங்குவதற்கு முன் கோப்பை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதற்குச் சின்ன பைத்தான் நிரல் போதும்:

```
import unicodedata
t = open("a.srt", encoding="utf-8").read()
t = unicodedata.normalize("NFC", t)
open("b.srt", "w", encoding="utf-8").write(t)
```

ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தை யாராவது தட்டியிருந்தால் இது சரிசெய்யாது. "மெளனம்" என்பதுபோல ளகரத்தோடு நிற்பவற்றைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது சுற்று ஆங்கிலச் சொற்கள். நாம் பேசும் தமிழில் அவை உருபும் சேர்ந்து, வினையும் சேர்ந்து வருகின்றன. "ஃபைல்ல", "செக் பண்ணிட்டு", "டோஸை" என்றெல்லாம் சொல்கிறோம். கருவி அவற்றுக்கு அருகில் இருக்கும் தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. இந்த வீடியோவில் "சிரப்பைக் குலுக்கிட்டுக் கொடுங்க" என்பது "சிறப்பைக் குலுக்கிட்டுக் கொடுங்க" என்றும், "டோஸ் அதிகமாச்சுன்னா" என்பது "தோஷம் அதிகமாச்சுன்னா" என்றும் வந்தன. ஐபுப்ரோஃபென் என்ற மருந்தின் பெயர் "ஐபு புரோ பெண்" என்று சிதறியிருந்தது. கடைசியது உடனே தெரிந்துவிடும். முதல் இரண்டும் தமிழ்ச் சொற்களாக இருப்பதால் எழுத்துப் பிழை திருத்தி எதுவும் அவற்றைச் சுட்டிக்காட்டாது.

"சிறப்பு" என்பதை எல்லா இடத்திலும் "சிரப்" என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். அதே வீடியோவில் "சிறப்பு மருத்துவர்" என்றும் வருகிறது. அவர் "சிரப் மருத்துவர்" ஆகிவிடுவார். இதையும் ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டியிருந்தது. அதில் ஒரு நன்மையும் கிடைத்தது. ஓரிடத்தில் மருத்துவர் சிரப்பையும் டிராப்ஸையும் ஒப்பிட்டுப் பேசுகிறார். டிராப்ஸில் ஒரு மில்லிலிட்டருக்கே 100 மில்லிகிராம் இருக்கும், அதனால் சிரப்பின் அளவில் டிராப்ஸைக் கொடுத்துவிடக் கூடாது என்கிறார். அங்கே கருவி "டிராப்ஸ்" என்ற சொல்லையே விட்டுவிட்டு இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கியிருந்தது. நின்று கேட்டதால்தான் அது தெரிந்தது.

ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவதா ஆங்கில எழுத்தில் எழுதுவதா என்பதற்கு நான் வைத்திருக்கும் வழி இதுதான். பேச்சில் கலந்துவிட்ட சொல் தமிழ் எழுத்தில் இருக்கட்டும். பார்ப்பவர் தட்டச்சு செய்ய வேண்டியதும், பொத்தானிலோ லேபிளிலோ கண்ணால் தேட வேண்டியதும் அங்கே இருக்கும் எழுத்திலேயே இருக்கட்டும். வீடியோ முழுக்க ஒரே சொல் ஒரே வடிவத்தில் வர வேண்டும். "சிரப்", "சிரப்பு", "ஸிரப்" என்று மூன்றாக வரக் கூடாது. தேர்ந்தெடுத்த வடிவங்களைப் பெயர்ப் பட்டியலுக்குக் கீழேயே எழுதிவைத்தால் அடுத்த வீடியோவுக்கும் உதவும்.

ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டுத் தூய தமிழ்ச் சொல்லைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தமிழ்மீதுள்ள அன்பினால் கேட்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனாலும் கேப்ஷனில் அதைச் செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அரைகுறையாகக் காது கேட்பவர் ஒலியையும் எழுத்தையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்கிறார். உதட்டசைவைப் படிப்பவரும் அப்படியே. காதில் "வெயிட்" என்று விழுந்து திரையில் "எடை" என்று வந்தால் இரண்டும் மோதும். "குடுங்க", "பாத்து" போன்ற பேச்சு வடிவங்களை எவ்வளவு தூரம் எழுத்து வழக்குக்குக் கொண்டுவரலாம் என்பதிலும் இதே எண்ணத்தோடுதான் நடக்கிறேன். ஒற்று, நிறுத்தக்குறி, எளிதாகப் படிக்க உதவும் சின்ன மாற்றம் வரை போகலாம், சொல்லை மாற்றக் கூடாது.

பேசுபவரே தவறாகச் சொல்லியிருந்தால் என்ன செய்வது? இந்த வீடியோவில் அதுவும் நடந்தது. 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் உள்ள மருந்தில் அதே குழந்தைக்கு எவ்வளவு என்ற இடத்தில் மருத்துவர் "ஆறு பாயின்ட் மூணு" என்றார். கேப்ஷனும் 6.3 என்றே காட்டியது. கணக்குப்படி 3.6 வர வேண்டும். ஒலி, கேப்ஷன் இரண்டும் ஒத்துப்போகின்றன, கணக்குதான் ஒத்துப்போகவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் நானே எண்ணைத் திருத்த மாட்டேன். வீடியோவில் எந்த நிமிடம், எந்த நொடி, என்ன சொன்னார், கணக்கு என்ன சொல்கிறது என்று நான்கு வரியில் எழுதி அனுப்பினேன். வாய்தவறி வந்துவிட்டது, 3.6 தான் என்று பதில் வந்தது. கேப்ஷனை மட்டும் மாற்றினால் காது கேட்பவர்கள் தவறான அளவோடு போவார்கள். ஆகவே அந்தத் துண்டை மட்டும் மருத்துவர் மறுபடி பேசிப் பதிவு செய்து சேர்த்தார்கள். மறுபதிவு முடியாத வீடியோவாக இருந்தால் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் சதுர அடைப்பில் [சரியான அளவு: 3.6 ml] என்று போட்டு, வீடியோவின் மேலும் அதே திருத்தத்தை எழுத்தாகக் காட்டச் சொல்வேன்.

வரிகளின் நீளத்தில் ஒரு சின்னக் குறிப்பு. கேப்ஷன் மென்பொருள்கள் காட்டும் எழுத்து எண்ணிக்கையைத் தமிழுக்கு அப்படியே நம்ப வேண்டாம். "தமிழ்" என்பது நமக்கு மூன்றெழுத்து, பல மென்பொருள்களின் கணக்கில் ஐந்து, ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. சிவப்பு எச்சரிக்கை வருகிறது என்பதற்காகச் சொற்களை வெட்டாமல், வாய்க்குள் படித்து நேரம் போதுமா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் கேப்ஷனை ஏற்றி, வெளியிடுவதற்கு முன் கைப்பேசியில் ஒலியை அணைத்துவிட்டு முழு வீடியோவையும் பார்ப்பேன். அப்போதுதான் எண்ணும் அதன் அலகும் இரண்டு வரிகளில் பிரிந்து நிற்பதும், பெயருக்குப் பின் வரும் உருபு தனியாகத் தொங்குவதும் தெரியும். முடிந்தால் வீடியோவை முன்பு பார்க்காத ஒருவரிடம் அந்த எண்கள் வரும் பகுதியை மட்டும் ஒலியில்லாமல் காட்டி, எவ்வளவு மருந்து, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று கேட்கலாம். அவர் சொல்லும் விடையைக் கணக்குத் தாளோடு ஒப்பிட வேண்டும். வெளியிட்ட பிறகு கேப்ஷன் பட்டியலைத் திறந்து, தானாக உருவான பழைய தமிழ்க் கேப்ஷன் இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கவோ மறைக்கவோ வேண்டும். பார்ப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல முடியாது, பழையதில் 46 மணி நேரம் அப்படியேதான் இருக்கும்.